மணல் லோடும் முறுக்கு டின்னும்

வீடு கட்டும்போது ஆற்று மணலை 4 யூனிட், அதாவது 400 கன அடி என்று விலை பேசி வாங்கினோம். விடியற்காலையில் ஈரம் சொட்டச் சொட்ட லோடு வந்தது. எங்கள் இன்ஜினீயர் தம்பி, "அக்கா, நேரான பக்கம் உள்ள டின் ஒன்று இருக்கா?" என்று கேட்டார். முறுக்கு டின்னைக் கொடுத்தேன். (வாளி மேலே அகன்றிருக்கும், அதனால் கணக்கு தப்பும்.)

மணலை அழுத்தாமல் போட்டு, மட்டம் தட்டி அளந்தார். 20 செ.மீ. உயரம். அதை வெளியே கொட்டிவிட்டு, டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டு கம்பியால் குத்தினார். மணல் தண்ணீருக்கடியில் 16 செ.மீ.க்கு இறங்கிவிட்டது. லேசான ஈரம் மணல் துகள்களை விலக்கிப் பிடித்து வைக்கும். முழுக்க நனைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். 16-க்கு 4, அதாவது 25 சதவீதம் உப்பல். நாங்கள் காசு கொடுத்த 400 கன அடியில் உண்மையான மணல் 320தான்! அடுத்த லோடிலிருந்து உப்பலைக் கழித்துத்தான் விலை பேசினோம்.

மேஸ்திரி அண்ணன் மட்டும், "முப்பது வருஷமா மூட்டைக் கணக்குக்கு ஆறு பெட்டிதாம்மா போடறேன்" என்றார். ஒன்றுக்கு ஆறு கலவையில் இந்த ஈர மணலை ஆறு பெட்டி போட்டால், உள்ளே போவது 4.8 பெட்டிதான். சிமென்ட் வீணாகும். வெயிலில் மணல் காய்ந்ததும் அதே ஆறு பெட்டியில் கலவை வேறாகிவிடும். அன்றைக்கு ஏழரைப் பெட்டி போட்டார்கள்.

வண்டலுக்கு ஊறுகாய் பாட்டில் போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, பாதி பாட்டில் மணலில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மணலுக்கு மேலே படியும் மென்மையான அடுக்குதான் வண்டல். 10 செ.மீ. மணலுக்கு அது 8 மி.மீ.யைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் வந்தபோது அதே பாட்டிலில் அடுக்கு தடிமனாகத் தெரிந்தது. நான் திருப்பி அனுப்பச் சொன்னேன், தம்பி தடுத்தார். அது களிமண் இல்லையாம், கல்லை உடைக்கும்போது வரும் கல்மாவு. 75 மைக்ரானுக்குக் கீழான துகள் ஆற்று மணலில் எடையில் 3 சதவீதம் வரைதான் இருக்கலாம். உடைத்த கல் மணலுக்கு 15 வரை ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. பாட்டிலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, சல்லடைச் சோதனை அறிக்கை கேட்க வேண்டும். கையில் ஈரமாகத் தேய்த்துப் பார்க்கலாம். களிமண் வழவழவென ஒட்டும், கல்மாவு நறநறக்கும்.

ஈரமாக வந்தால் எம்-சாண்டும் உப்பும், ஆகவே டின் சோதனை அதற்கும் உண்டு. அதன் துகள்கள் கூர்மையானவை என்பதால் கலவை முரடாக இருக்கும். சித்தாள்கள் உடனே தண்ணீரைக் கூட்டுவார்கள், கான்கிரீட் பலம் குறையும். தம்பி மிக்ஸர் பக்கத்தில் நின்று குடம் குடமாக எண்ணித்தான் ஊற்ற விட்டார். பூச்சு வேலைக்கு எம்-சாண்ட் வேண்டாம் என்று, சன்னமான பி-சாண்டைத் தனியாக இறக்கச் சொன்னார்.