காலாவதியான சான்றிதழும் ஒரு மடலும்

2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் முடங்கியது. காரணம், காலாவதியான ஒரு சான்றிதழ். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி!

கறம்பக்குடியில் ஒரு கடையின் இணையதளம் காலை 5.30 முதல் 7.30 வரை திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். (சான்றிதழ் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் முடிந்தால் நமக்கு அது 5.30.) கடைக்காரருக்குப் போகும் மடலில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மழுப்பாமல் நடந்ததையே எழுதலாம். புதிய சான்றிதழ் ஒரு மாதம் முன்பே தானாக வந்துவிட்டது. யாரும் `systemctl reload nginx` கொடுக்காததால் சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. கோப்பில் தேதி சரியாக இருந்ததால்தான் காரணம் பிடிபட இரண்டு மணி நேரம் ஆனது. காலாவதியானதால் மட்டும் தகவல் கசியாது என்பதையும் சொல்லவேண்டும், அவருடைய முதல் பயம் அதுதான். இனி ரீலோட் தானாக நடக்கும், தேதியைக் கோப்பில் பார்க்காமல் பிரவுசர்போல வெளியிலிருந்து பார்ப்போம் என்று முடிக்கலாம். மன்னிப்புக்கு ஒரு வரி போதும்.