கைக்கு எவ்ளோ வரும்? என்னிக்கு வரும்?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ் நான். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அட்டெண்டன்ஸ் பார்ப்பது, லீவ் லெட்டர் அடுக்குவது, தீபாவளிக்கு முன்னால் போனஸ் மெயில் அனுப்புவது. அவ்வளவுதான்!

2024-ல் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே அந்த மெயில் என் தலையில் விழுந்தது. பழைய மெயிலைத் திறந்தேன், தேதியை மாற்றினேன், அனுப்பினேன். "தீபாவளி போனஸ் 25-10-2024 அன்று புராசஸ் செய்யப்படும். பொருந்தக்கூடிய சட்டப்பூர்வ பிடித்தங்களுக்கு உட்பட்டது." ரெண்டே வரி. அதையே பிரின்ட் எடுத்து கேன்டீன் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினேன்.

அன்றைக்கு மதியமே ஷாப்புக்குள் வதந்தி ஓட ஆரம்பித்துவிட்டது. "போனஸ்ல 30 பர்சென்ட் டாக்ஸாம்!" டெஸ்பாட்ச் அக்கா என் டேபிளுக்கே வந்து, "ஏம்மா, எங்களுக்கும் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ரூல்ஸ் படி பிடிப்பாங்கக்கா" என்று சமாளித்தேன்.

அதைவிட மோசம் தேதி. 'புராசஸ்' என்றால் அன்றைக்கே பணம் அக்கவுண்டில் விழும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? லேத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனும் அப்படித்தான் நம்பினார். 26-ம் தேதி அவருக்கு பைக் டியூ. 25-ம் தேதி அக்கவுண்ட்ஸில் ஃபைல் தயாரானது. ஆனால் பேங்குக்குப் போக ரெண்டாவது ஆள் அப்ரூவ் பண்ண வேண்டும். அவர் அன்றைக்கு லீவு. பணம் விழுந்தது 28-ம் தேதி. டியூ ரிட்டர்ன் ஆகி, அபராதம் 590 ரூபாய். அண்ணன் சண்டைகூடப் போடவில்லை. "நீங்க போர்டுல போட்டிருந்தீங்களே, தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அதனால் 2025-ல் அந்த மெயில் மறுபடி என்னிடம் வந்தபோது, தேதியை மட்டும் மாற்றி அனுப்ப மனசு வரவில்லை. அக்கவுண்ட்ஸ் மேடமிடம் போய் உட்கார்ந்தேன். "போனஸுக்கு எவ்ளோ டாக்ஸ் மேடம்?"

"போனஸுக்குன்னு தனி டாக்ஸே கிடையாதும்மா" என்றார். போனஸும் சம்பளம்தான். வருஷச் சம்பளத்தோடு போனஸைக் கூட்டி, மொத்தத்துக்கு வரி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஏற்கெனவே பிடித்ததைக் கழித்தால் மிச்சம் எவ்வளவோ, அதுதான் டி.டி.எஸ். புதிய வரி முறையில், 2025-26-ம் வருஷத்துக்கு, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000. அது போக 12 லட்சம் வரை வரியே வராது. அதாவது போனஸையும் சேர்த்து வருஷத்துக்கு 12,75,000-க்குள் இருந்தால் ஒரு பைசா பிடித்தம் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தோம். எங்கள் கம்பெனியில் 180 பேர். அந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் வெறும் 9 பேர்! டெஸ்பாட்ச் அக்காவுக்கு வருஷச் சம்பளம் 2,40,000, போனஸ் 20,000. வரிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. 9 பேருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வரியைப் போட்டு, 171 பேரின் தீபாவளியில் நான் மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன்.

அந்த 9 பேரில்தான் ஒருத்தர் மாட்டினார், டிசைன் செக்‌ஷன் டீம் லீடர். வருஷச் சம்பளம் 12,60,000. அதுவரை அவருக்கு வரி பூஜ்யம். போனஸ் 60,000 சேர்ந்தால் 13,20,000. 75,000 கழித்தால் 12,45,000. கோட்டைத் தாண்டி 45,000 ரூபாய்! தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். சாதாரணக் கணக்கில் வரி 66,750. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு சலுகை இருப்பதால், அது 45,000-த்தில் நிற்கும். அதன்மேல் 4 சதவீதம் செஸ். மொத்தம் 46,800.

60,000 போனஸில் 46,800 வரி. கையில் 13,200.

இதில் பெரிய கூத்து, அவருடைய மேனேஜருக்கு வருஷச் சம்பளம் 15 லட்சம். அவருக்கும் அதே 60,000 போனஸ்தான். ஆனால் அந்த போனஸால் அவருக்குக் கூடும் வரி 9,360 மட்டுமே. அவர் ஏற்கெனவே மாசாமாசம் வரி கட்டுகிற ஆள். கோட்டை ஒட்டி நிற்கிறவனுக்குத்தான் இந்த அடி. நான் ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேடம் மூணாவது தடவை போட்டார். மாறவில்லை.

டீம் லீடரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது. "வீட்டு அட்வான்ஸுக்கு இதைத்தான்மா நம்பியிருக்கேன்." வரியைக் குறைக்க எங்களால் முடியாது. ஆனால் மொத்தத்தையும் ஒரே மாசத்தில் பிடித்தாக வேண்டும் என்று இல்லை, மார்ச்சுக்குள் வருஷக் கணக்கு சரியானால் போதும் என்றார் மேடம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாசம், மாசம் 7,800. அவர் சரி என்றார். போனஸ் முழுசாக வரும், சம்பளம் மட்டும் கொஞ்சம் இளைக்கும்.

அடுத்தது தேதி. "தேதியை உறுதியா எழுதாதே, மாட்டிப்போம்" என்றார் ஹெச்.ஆர். சார். அவர் பயமும் நியாயம்தான். ஆனால் பேங்க் பக்கம் பெரிய தாமதம் கிடையாது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து லீவு நாளிலும் ராத்திரியிலும் ஓடுகிறது. தாமதம் எங்கள் ஆபீஸுக்குள்தான். ரெண்டாவது அப்ரூவல், தப்பான அக்கவுண்ட் நம்பர், பேங்குகள் இணைந்தபிறகும் மாற்றாத பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோட். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதனால் 15-ம் தேதி ஃபைல் போவதாகவும், அப்ரூவருக்கு ஒரு மாற்று ஆள் இருப்பதாகவும் முடிவு பண்ணினோம். மெயிலில் ஃபைல் போகும் தேதியை எழுதவே இல்லை. அது தொழிலாளிக்கு எதற்கு?

மூணு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் டெஸ்பாட்ச் அக்காவைப் படிக்கச் சொன்னேன். ரெண்டாவதில் "ஈட்டிய வருமானம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ஈட்டின்னா வேல்தானே?" என்றார். அடித்துவிட்டேன்! கடைசியில் போர்டில் ஏறியது இது:

"உங்கள் தீபாவளி போனஸ் 17-10-2025, வெள்ளி மாலை 6 மணிக்குள் உங்கள் அக்கவுண்டில் இருக்கும். அதற்கு முன் வரும் தேதியில் டியூ, செக் எதுவும் இதை நம்பி வைக்க வேண்டாம். போனஸுடன் சேர்த்து வருஷச் சம்பளம் 12,75,000-க்குள் உள்ளவர்களுக்கு வரிப் பிடித்தம் இல்லை. போனஸில் பி.எஃப். பிடித்தமும் இல்லை. அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், பழைய வரி முறையைத் தேர்வு செய்தவர்களுக்கும் தனி லெட்டரில் கணக்கு வரும். 18-ம் தேதி காலை 11 மணி வரை பணம் வராவிட்டால் ஹெச்.ஆரில் பாஸ்புக்குடன் வந்து பாருங்கள்."

"பிடித்தங்களுக்கு உட்பட்டது" வேணும் என்று சார் கடைசிவரை கேட்டார். அதைத் தனி லெட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

16-ம் தேதி சாயங்காலமே நிறையப் பேருக்கு போனில் மெசேஜ் வந்துவிட்டது. 18-ம் தேதி காலை ரெண்டு பேர் பாஸ்புக்கோடு வந்தார்கள். ஒருத்தருக்குப் பழைய கோட், இன்னொருத்தருக்கு ரொம்ப நாள் பயன்படுத்தாமல் முடங்கிப்போன அக்கவுண்ட். முதல் ஆளுக்கு அன்று மதியமே அனுப்பிவிட்டோம். ரெண்டாவது ஆளுக்குச் செக் எழுதிக் கொடுத்தோம்.

லேத் அண்ணன் அந்தப் பக்கமாக டீ குடிக்கப் போனவர், கதவில் தலையை நீட்டி, "வந்துருச்சு, தங்கச்சி. இந்தத் தடவை டியூவை 25-ம் தேதிக்கு மாத்திக்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.