‘இரண்டு கப்’ என்றால் எவ்வளவு?

பெங்களூரு பசவனகுடியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வயது 63. இரத்த அழுத்தம் 150/94. இரவில் நெஞ்செரிச்சலும் உண்டு. “காபி ஒரு நாளைக்கு இரண்டு கப் போதும் சார்” என்றார் மருத்துவர். வீடு திரும்பியதும் ஆசிரியருக்கு ஐயம் எழுந்தது. கப் என்பது எது? வீட்டு டம்ளரா, காந்தி பஜாரில் நண்பரோடு பகிரும் பை-டூவா?

டம்ளரில் நீர் நிரப்பி அளந்தார், 180 மி.லி. வந்தது. நாளொன்றுக்கு அவர் அருந்தியது அத்தகைய நான்கு. 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ, 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. கஃபீன் இருப்பதாகவும், நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது. அவ்வரம்பு உடல்நலமுள்ளோருக்கானது. நிறத்தை வைத்தும் கணக்கிட இயலாது. சிக்கரி டிக்காஷனைக் கறுப்பாக்கும், ஆனால் அதில் கஃபீன் இல்லை.

அடுத்த ஐயம், காபி தம் அழுத்தத்தை உண்மையிலேயே உயர்த்துகிறதா என்பது. காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, காபிக்கு முன் ஒரு முறையும், குடித்து ஒரு மணி நேரம் கழித்து மறுமுறையும் அளந்தார். மூன்று நாளும் மேல் எண் எட்டு, பத்து என ஏறியிருந்தது. காபி தம்மைப் பாதிக்கிறது என்பது தெளிவாயிற்று. காபி குடித்த அரை மணிக்குள் எடுக்கும் அளவை நம்பலாகாது என்பதும் புரிந்தது.

“160/100ஐத் தொட்டால் இரண்டும் கூடாது” என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், அவ்வளவு உயர் அழுத்தம் உடையோரில் நாளுக்கு இரண்டு கப்பும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு, காபியே குடியாதோரைவிட இதய, இரத்தநாள நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஒரு கப் குடித்தோரிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. அது மக்களைப் பின்தொடர்ந்து கண்ட தொடர்பு மட்டுமே. காபிதான் காரணம் என்பதற்கு நிரூபணம் அன்று.

நெஞ்செரிச்சலுக்கு அளவைவிட நேரமே சிக்கலாயிற்று. இரவு ஒன்பதுக்குக் காபி, பத்துக்குப் படுக்கை. உணவுக்குழாயின் அடிவாயை இறுக்கும் தசையைக் காபி சிலருக்குத் தளர்த்துகிறது. உடனே படுத்தால் அமிலம் மேலேறுகிறது. இரவுணவை மாற்றாமல் ஒன்பது மணிக் காபியை மட்டும் நிறுத்தினார். இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அடங்காதிருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஒரேயடியாகக் குறைத்தால் தலைவலிக்கும் என்பதால் வாரத்திற்கு ஒரு டம்ளராகக் குறைத்தார். இப்போது காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒரு டம்ளர்; பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நண்பரோடு ஒவ்வொரு பை-டூ. இரண்டு பை-டூ சேர்ந்தால் ஒரு கப். மருத்துவர் சொன்ன கணக்கு அதோடு நிறைகிறது.