உப்பு மருந்தும் சாத்துக்குடிச் சாறும்

மும்பையில் எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியாருக்கு, இருதய பலவீனத்தினால் கால்களில் நீர் கோத்திருந்தது. அதற்கென எழுதப்பட்ட ஃபுரோசமைடு மாத்திரை வீக்கத்தை வடித்தது. ஆனால் சிறுநீரோடு பொட்டாசியம் என்னும் உப்பையும் வெளியேற்றியது. கெண்டைக்காலில் இழுப்பும் சோர்வும் கண்டு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். 3.5க்குக் குறையாதிருக்க வேண்டிய அளவு 3.0 ஆக இருந்தது. பொட்டாசியம் குளோரைடு திரவத்தைக் காலையும் இரவும் 15 மி.லி. அருந்தச் சொன்னார்.

மாமியாரோ விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூடியில் ஊற்றி அப்படியே விழுங்கினார்கள். சிறிது நேரத்தில் வயிற்றெரிச்சல், குமட்டல், வாந்தி. மூன்றாம் நாள் ஒருவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டார்கள். எரிச்சலைக் காட்டிலும் இதுவே பெரிய ஆபத்து. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இருதயத் துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடும்.

விஷயம் தெரிந்ததும் மருத்துவரிடம் ஓடினோம். அவர் மருந்தை மாற்றவில்லை. அருந்தும் முறையை மாற்றினார். அந்த 15 மி.லி.யில் ஒன்றரை கிராம் உப்பு அடங்கியிருக்கிறது. (எல்லாப் புட்டிகளும் ஒரே செறிவுள்ளவையல்ல, சீட்டைப் படித்துப் பார்க்கவும்.) இத்தனை செறிவான கரைசல் காலியான இரைப்பையின் உட்சவ்வை உறுத்துகிறது. நீர்க்கச் செய்தால் உறுத்தல் தணியும்; உணவு இருந்தால் கரைசல் அதனோடு கலந்து மெதுவாய் இறங்கும்.

ஆகவே இட்லி சாப்பிட்டு முடிந்தவுடன், அளவு மூடியால் 15 மி.லி. அளந்து, குறைந்தது அரைத் தம்ளர், அதாவது 120 மி.லி. குளிர்ந்த சாத்துக்குடிச் சாற்றில் கலக்குகிறோம். சாறு அந்த உப்புக்கசப்பையும் மறைக்கிறது. அதை ஒரே மூச்சில் குடிக்காமல், ஐந்து பத்து நிமிடங்கள் வரை சிறிது சிறிதாய் அருந்துகிறார்கள். பின்பு தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, ஒட்டியிருக்கும் மருந்தையும் குடித்துவிடுகிறார்கள். எரிச்சல் அடங்கிற்று. பத்து நாளில் அளவு 3.9க்கு உயர்ந்தது.

சாறு எல்லாருக்கும் ஏற்றதன்று. நீரிழிவுள்ளவர்களுக்கு வெறும் தண்ணீரே போதும். கடையில் விற்கும் தக்காளிச் சாற்றில் சமையலுப்பு அதிகம். இருதய நோயாளிக்கு அது ஆகாது. பழச்சாற்றிலும் இளநீரிலும் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்ளுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டே அவற்றைக் குடிக்கவேண்டும். பொட்டாசியம் மிகுந்தாலும் இருதயத்துக்குக் கேடுதான். நீர்க்கக் கலந்து குடித்தும் கடும் வயிற்றுவலியோ, இரத்த வாந்தியோ, கரிய மலமோ கண்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை மாமியார் விட மனமில்லாதிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் காலை மருந்தை விட்டுவிட்டு இரவில் இரண்டு அளவாய்க் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்று மருத்துவர் மறுத்தார். இப்பொழுது அன்றும் காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்து, மருந்தையும் அருந்திவிட்டே ஜெபத்துக்கு வருகிறார்கள்.