சனிக்கிழமைக்குள் ஒரு நேவி நீலம்

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை பார்ப்பவருக்கு இரண்டு முதலாளிகள். சம்பளம் தருபவர் மாடியில் இருக்கிறார். ஆர்டர் தந்தவர் நியூயார்க்கில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கோடையில் அவருக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர இடைவெளி. அவர் காலை ஒன்பதுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நமக்கு மாலை ஆறரை. அவர் ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நமக்கு விடியற்காலை மூன்று. இருவரும் விழித்திருந்து பேசக் கிடைப்பது சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் இது இன்னும் மோசம். நமக்குச் சனிக்கிழமை முழு ஷிப்ட், அவர்களுக்கு விடுமுறை. வெள்ளி இரவு பதில் வாங்கத் தவறினால் அடுத்த பதில் திங்கள் மாலை ஆறரைக்கு மேல்தான். சனி, திங்கள் என்று இரண்டு முழு வேலை நாட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். முரணான உத்தரவுகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில் பிறக்கிறது என்பது என் கணிப்பு. வாங்குபவர், நாம் முன்பு அனுப்பிய துணித்துண்டைப் பார்த்துப் பேசுகிறார். மேனேஜர் இன்று காலை சும்மா நிற்கும் லைனைப் பார்த்துப் பேசுகிறார். இரண்டும் உண்மை, நேரம்தான் வேறு.

ஒரு டி-ஷர்ட் ஆர்டரைச் சொல்கிறேன். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, நேவி நீலம். லேப் டிப் ஓகே ஆகி, முதல் லாட் சாயம் ஏறி, கம்பாக்டிங் முடிந்து கட்டிங் அறைக்கு வந்துவிட்டது. வெள்ளி அதிகாலை வந்து கிடந்த மெயிலில் நிறம் சற்றுச் சிவப்படிக்கிறது, எங்கள் அனுமதி வரும்வரை வெட்ட வேண்டாம் என்றிருந்தது. எழுதியவர் அவர்களுடைய கலர் டீம். அதற்குக் கீழேயே, அதே அலுவலகத்து சோர்ஸிங் பெண்மணி கப்பல் தேதி தள்ளக் கூடாது என்று தனியாக எழுதியிருந்தார். ‘பையர்’ என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். உள்ளே பார்த்தால் அவர்களிடையேயே பேச்சு முடிந்திருக்காது.

காலை பத்து மணிக்கு மேனேஜர் லைட் பாக்ஸில் துணியைப் பார்த்துவிட்டு வந்தார். “கலர் நல்லாத்தான இருக்குது கண்ணு. நாளைக்குக் காலைல கட்டிங் போட்டுரு. லைன் நின்னா டெய்லருங்க அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்க, அப்புறம் கூப்புட்டா வர மாட்டாங்க.” அதில் பொய் இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் திங்கட்கிழமை எங்கே உட்காருவார்கள் என்பது கையில் வேலை இருப்பதைப் பொறுத்தது. தேதி தவறினால் சரக்கு தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகாமல் விமானத்தில் போகும். ‘ஏர் போச்சு’ என்ற இரண்டு சொல்லுக்கு, அந்த ஆர்டரின் லாபம் போச்சு என்று பொருள்.

யார் பேச்சைக் கேட்பது என்று யோசிப்பதைவிட, எந்த வேலையைத் திரும்ப எடுக்க முடியாது என்று பார்ப்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. துணியை ரோலிலிருந்து பிரித்துப் போடலாம். பின்னலாடைத் துணி வெட்டுவதற்கு முன் ஒரு நாள் தளர்ந்து கிடக்கத்தான் வேண்டும். கழுத்து ரிப், லேபிள், பாலி பேக் எல்லாவற்றையும் எண்ணி வைக்கலாம். ரோல் ரோலாக நிறம் பிரித்து அடுக்கலாம். இவை எதுவும் பையரின் உத்தரவுக்கு எதிரானவை அல்ல. மேனேஜர் கண்ணுக்கும் வேலை நடக்கிறது. கத்தி இறங்கினால்தான் மீள முடியாது. ஆக, ‘நாளை காலை கட்டிங்’ என்பதை மறுக்காமலேயே வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்குக் கிடைத்துவிட்டது.

அந்தப் பகலில் செய்த முக்கியமான காரியம் லைட் பாக்ஸின் ஸ்விட்சை மாற்றியதுதான். மேனேஜர் பார்த்தது டி65, அதாவது பகல் வெளிச்சம். அதில் துணியும் லேப் டிப்பும் ஒட்டிப் பிறந்தவை போலிருந்தன. ஒப்பந்தத்தில் பையர் கேட்டிருந்த இரண்டாவது விளக்கு அமெரிக்கக் கடைகளில் எரியும் வெள்ளைக் குழல் விளக்கு. அதைப் போட்டதும் துணி மட்டும் செம்மை காட்டியது. ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் பிரிவதை மெட்டாமெரிசம் என்பார்கள். சாம்பிளுக்கு ஒரு சாயக் கூட்டும், மொத்தச் சரக்குக்கு வேறு கூட்டும் போட்டால் வருவது. சாயப்பட்டறையில் கேட்டதற்கு, ஒரு சாயம் இருப்பில்லாததால் மாற்றுப் போட்டதாகச் சொன்னார்கள். மேல் சாயம் கொடுத்து இதை முழுதாகச் சரிசெய்வது கடினம். முதல் லாட்டை பையர் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நூலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மேனேஜரை இருட்டறைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். தோற்றதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. “இப்படி வெளக்கடிச்சு யாரு பனியன் வாங்கறாங்க” என்றார். ஆனால் இரவு பத்து மணி வரை கட்டிங்குக்குச் சொல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டார். அவர் வாய்மொழியாகச் சொன்னதை அவருக்கே மெயிலாக அனுப்பிப் பதிவு செய்யும் வழக்கத்தை வெளியூர்ப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். எங்கள் ஊரில் அதைச் சந்தேகப்படுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். நான் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டில், எல்லோரும் பார்க்கும் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுவேன்: ‘கட்டிங், ஷேட் அனுமதிக்குக் காத்திருப்பு, வெள்ளி இரவு 10.’ யாரையும் குற்றம் சொல்லாத வரி அது.

பையருக்கு எழுதிய மெயிலை மேனேஜரிடம் முதலில் படித்துக் காட்டினேன். கலர் டீம், சோர்ஸிங் இருவருக்கும் சேர்த்தே அனுப்பினேன்; அவர்கள் முரணை அவர்கள் தீர்க்கட்டும். கூரியரில் துணி போய்ச் சேர நான்கு நாள் ஆகும். அதனால் சாயப்பட்டறையின் ஸ்பெக்ட்ரோ கருவியில் அளந்த `.qtx` ஃபைலை இணைத்தேன். அதைத் திறந்தால் எந்த விளக்கில் எவ்வளவு வித்தியாசம் என்பது அவர்கள் திரையிலேயே எண்ணாக வந்துவிடும். அவர்கள் முன் வைத்தது இரண்டே வழிதான். ஒன்று: முதல் லாட்டை அப்படியே ஏற்பது; உடல், கை, கழுத்து ரிப் எல்லாம் ஒரே லாட்டில் வெட்டி, பெட்டியில் கலக்காமல் அனுப்புகிறோம்; தேதி மாறாது. இரண்டு: புதுத்துணி, தேதி இவ்வளவு தள்ளும். இரண்டாவது லாட் எப்படியும் பழைய சாயக் கூட்டில் போகும்.

‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. பாலி பேக் தடிமனுக்கு அது செல்லும். நிற அனுமதிக்குச் செல்லாது; எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டினால் பொறுப்பு ஃபேக்டரிக்கு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை மேனேஜர் மேசையில் வைத்தபோதுதான் அவர் குரல் உண்மையில் இறங்கியது.

மெயில் போனது ஆறேகாலுக்கு. அவர்கள் திறக்கும்போது மேலாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஏழரைக்குப் போனில் பேசினேன். பதில் ஒன்பதே முக்காலுக்கு வந்தது: முதல் லாட் இந்த ஒருமுறை ஏற்கப்படுகிறது, ஒரே கிடங்குக்கு மட்டும் போக வேண்டும், இரண்டாவது லாட்டுக்கு இரண்டு விளக்கிலும் டெல்டா ஈ 1-க்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கட்டிங் தொடங்கியது.

இதே சம்பவம் நவம்பரில் நடந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அவர்களது ஒன்பது மணி நமக்கு ஏழரை ஆகிவிடும். சாயப்பட்டறை லேப் ஏழு மணிக்கே பூட்டிவிடுவதால், அவர்கள் ஒரு எண்ணைத் திரும்பக் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆளிருக்காது.

மாற்றுச் சாயத்தால் வந்த நஷ்டம் யார் கணக்கில் என்று சாயப்பட்டறைக்காரரும் மேனேஜரும் திங்கட்கிழமை முழுவதும் சண்டை போட்டார்கள். அதில் எனக்கு வேலை இல்லை. அவர்கள் இருவருக்கும் ஒரே கடிகாரம்.