ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையா இருந்தா போதுமா?

வரதய்யபாளையத்துல நேத்து சாயங்காலம். பக்கத்து வீட்டுத் தம்பி, கேம் திறக்கலன்னு ரவுட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுட்டு இருந்தான்.

"போன் டேட்டாவுல திறந்து பாருடா"ன்னேன்.
உடனே திறந்துச்சு.
அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு வீட்டு லைன்ல.

2025 அக்டோபர் 20, தீபாவளி அன்னைக்குக் கதையே வேற.
வர்ஜீனியாவுல அமேசான் சர்வர்கள்ல டிஎன்எஸ் கோளாறு.
ஃபோர்ட்நைட், ரோப்ளாக்ஸ் எல்லாம் விழுந்துச்சு. நெட்வொர்க் மாத்தியும் பலனில்ல.

நம்ம நேரப்படி கோளாறு ஆரம்பிச்சது பகல் 12.19.
அமேசானோட ஸ்டேட்டஸ் பக்கத்துல முதல் அறிவிப்பு வந்தது 12.41.
இடையில அந்தப் பக்கத்தைப் பார்த்தவங்க, தப்பு நம்ம வீட்லதான்னு நினைச்சிருப்பாங்க.

அந்த இடைவெளியிலதான் டவுன்டிடெக்டர் உதவும். நாலஞ்சு புகார் எப்பவும் இருக்கும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தங்க வீட்டு லைன் போனவங்களும் அங்கதான் எழுதுவாங்க. உங்களுக்கு கேம் நின்ன அதே நேரத்துல புகார்க் கோடு செங்குத்தா ஏறியிருக்கா? வேற வேற ஊர், வேற வேற நெட்வொர்க் ஆளுங்க ஒரே எர்ரரைச் சொல்றாங்களா? அப்படின்னா ரவுட்டரை விட்டுடுங்க.

உங்க பக்கம் கடைசியா கேம் நின்னப்ப, எல்லா நெட்வொர்க்லயும் நின்னுச்சா?