காரை நண்பகலில் பாருங்கள்

மகனுக்குப் பழைய கார் பார்க்க, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போனோம். காலை ஒன்பது மணி. கடைக்காரர் காரை நிழலில் ஓடவிட்டிருந்தார். உள்ளே சிலுசிலுவென்று இருந்தது. “ஏர்கோன் நல்லாத்தானே இருக்குப்பா!” என்றான் மகன். “மத்தியானம் வருவோம்” என்றேன்.

நண்பகலில் வந்து, காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொன்னோம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் அரிசோனாவில் இப்படி நிறுத்திய கார்களை ஆய்வாளர்கள் அளந்தார்கள். சராசரியாக உள்காற்று 47 பாகை. டேஷ்போர்டோ 69 பாகை! நம் வெயில் அவ்வளவு கடுமையல்ல. ஆனாலும் காற்றைவிட டேஷ்போர்டே அதிகம் சுடும். ஏர்கோன் குளிர்விக்கக் குளிர்விக்க, அது சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

டேஷ்போர்டை விரலால் அழுத்தினேன், பிசுபிசுவென்று ஒட்டியது. மேற்பரப்பு வெயிலில் கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வெடிப்பும் நெளிவும் அப்படித்தான்.

பிறகு, காற்று வரும் துவாரத்தில் வெப்பமானியைச் செருகி ஓட்டினோம். பத்து நிமிடத்தில் 8 பாகைக்கு இறங்கியது. இயந்திரத்தை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தினோம்; 17-க்கு ஏறிவிட்டது. ஓடும்போது எதிர்க்காற்று முன்னாலிருக்கும் கண்டென்சரைக் குளிர்விக்கும். நிற்கும்போது மின்விசிறிதான் கதி. அது தளர்ந்தாலோ, வாயு குறைந்தாலோ இப்படி ஆகும். பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் தினமும் நிற்கப்போகிறவனுக்கு இந்தக் கார் எதற்கு?

அடுத்த கடையில் பார்த்த கார் நின்றபோதும் 10 பாகையைத் தாண்டவில்லை. அதையே வாங்கினோம்.